68 சதவீதம் எங்கிருந்து வந்தது? சந்தை ஆய்வறிக்கையை எடைபோடும் முறை

சந்தை ஆய்வறிக்கையை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினால், எழுதியவர் போட்ட பாதையிலேயே நாமும் போய்விடுவோம். முதலில் சுருக்கம், பிறகு வண்ண வரைபடங்கள், பிறகு பரிந்துரை. பின்னிணைப்புக்கு வந்து சேரும்போது மனம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டிருக்கும். அதனால் வாசிப்பைத் தலைகீழாகத் திருப்புங்கள். பரிந்துரை எந்த ஓர் எண்ணில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அட்டவணை, கேள்வி, கேட்கப்பட்ட ஆட்கள் என்று படிப்படியாகக் கீழே இறங்குங்கள். கடைசியில் மேலே ஏறி வந்து, பரிந்துரை அந்த எண்ணிலிருந்து உண்மையிலேயே பிறக்கிறதா என்று பாருங்கள்.

விளக்கத்துக்காக ஓர் அறிக்கையைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். அரைத்த தோசை மாவைக் குளிரூட்டிய பக்கற்றில் விற்க நினைக்கும் ஒரு சிறு உற்பத்தியாளருக்கு ஆய்வு நிறுவனம் ஒன்று 40 பக்க அறிக்கை கொடுத்திருக்கிறது. அதன் தலைப்புச் செய்தி: “கொழும்புக் குடும்பங்களில் 68 சதவீதம் தோசை மா பக்கற்றை வாங்கத் தயார்.” பரிந்துரை: நாளொன்றுக்கு 5,000 பக்கற் தயாரிக்கும் இயந்திரத்தை வாங்குங்கள். ஆய்வில் 400 பேர் கலந்துகொண்டார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, தெஹிவளை ஆகிய நான்கு இடங்களில் சுப்பர்மார்க்கெட் வாசலில் ஒரு சனி, ஞாயிறு காலை 10 மணி முதல் 1 மணி வரை, இடத்துக்கு இரண்டு நேர்காண்பவர்கள். வினாக்கொத்தில் 42 கேள்விகள்.

முதற்படி: எண்ணுக்கு அடியில் இருக்கும் அட்டவணை

68 வந்த அட்டவணையைத் தேடி எடுங்கள். சுருக்கத்தில் அது இருக்காது. பெரும்பாலும் 20ஆம் பக்கத்துக்கு அப்பால் இருக்கும். அங்கே இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். எத்தனை பேரில் 68? எந்த விடைகளைக் கூட்டி 68?

நம் அறிக்கையில் அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: “அடிப்படை: மாதம் ஒரு தடவையாவது வீட்டில் தோசை சுடுவோர், 250 பேர்.” அதாவது 400 பேரில் 150 பேரிடம் இந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. மீதி 250 பேரின் விடைகள்: “நிச்சயமாக வாங்குவேன்” 35 பேர், “வாங்குவேன்” 60 பேர், “வாங்கக்கூடும்” 75 பேர், “வாங்கமாட்டேன்” 80 பேர். முதல் மூன்றையும் கூட்டினால் 170. 250இல் 170 என்பது 68 சதவீதம். கணக்கு சரி. ஆனால் அதே 170 பேர் 400இல் 42.5 சதவீதம்தான். “வாங்கக்கூடும்” என்று இழுத்தவர்களை விட்டுவிட்டால் 400இல் 95 பேர், கிட்டத்தட்ட 24 சதவீதம். “நிச்சயமாக” என்றவர்கள் மட்டும் என்றால் 9 சதவீதம்கூட இல்லை.

ஒரே தரவிலிருந்து 68, 42.5, 24, 9 என்று நான்கு எண்களும் வரும். நான்குமே சரியாகக் கணக்கிடப்பட்டவை. பிழை எங்கே என்றால், தோசை சுடுவோரை மட்டும் வைத்துக் கண்ட எண்ணுக்குத் தலைப்பில் “கொழும்புக் குடும்பங்கள்” என்று பெயர் வைத்ததில். ஆகவே ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் அடிப்படை எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. எழுதப்படாத வரைபடத்தை, நிறுவனம் எழுதித் தரும்வரை பயன்படுத்த வேண்டாம்.

அடுத்து, பிரிவுகளை ஒப்பிடும் வரிகள். “35 முதல் 44 வயதுப் பெண்களே முதன்மை இலக்கு, அவர்களில் 76 சதவீதம் விரும்புகிறார்கள், 25 முதல் 34 வயதினரில் 64 சதவீதம்தான்” என்கிறது அறிக்கை. அடிப்படையைப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் 50 பேர். 76 என்பது 38 பேர், 64 என்பது 32 பேர். ஆறு பேரின் வித்தியாசத்தில் ஒரு விளம்பரத் திட்டமே எழுப்பப்பட்டிருக்கிறது. இதை நீங்களே சோதிக்கலாம்:

```
1.96 × √(0.76×0.24÷50 + 0.64×0.36÷50) ≈ 0.18
```

இதில் 1.96 என்பது 95 சதவீத நம்பிக்கைக்கு வழக்கமாக எடுக்கும் பெருக்கெண். இந்த அளவில் இரண்டு பிரிவுகள் வேறுபடுகின்றன என்று சொல்ல, இடைவெளி சுமார் 18 புள்ளியைத் தாண்ட வேண்டும். இருப்பதோ 12. அப்படித் தாண்டியிருந்தாலும் இன்னொன்றைக் கேளுங்கள்: வயது, வருமானம், மொழி, பிரதேசம் என்று எத்தனை ஒப்பீடுகளைச் செய்து பார்த்து இந்த ஒன்றை எடுத்தார்கள்? உண்மையில் வித்தியாசமே இல்லாத இடத்தில்கூட, இருபது ஒப்பீடு செய்தால் ஒன்று சராசரியாகத் தற்செயலாகவே “குறிப்பிடத்தக்கது” என்று வந்துவிடும்.

இரண்டாம்படி: கேள்வியின் சொற்கள்

வினாக்கொத்து முழுவதையும், கேட்கப்பட்ட வரிசையிலேயே வாங்கிப் பாருங்கள். அறிக்கையில் வரும் “வாங்கும் விருப்பம்” என்ற சுருக்கப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நம் ஆய்வில் அந்தக் கேள்வி இப்படி இருந்தது:

“சுத்தமான முறையில், தரமான உளுந்தும் அரிசியும் கொண்டு அரைத்த தோசை மா உங்கள் அருகிலுள்ள கடையில் கிடைத்தால் வாங்குவீர்களா?”

இதற்கு “வாங்கமாட்டேன்” என்று சொல்பவர் சுத்தத்தையும் தரத்தையும் வேண்டாம் என்று சொல்வதுபோல் ஆகிறது. விலை இல்லை. எடை இல்லை. எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதும் இல்லை. காலையில் வாங்கிய மா மாலையில் புளித்துவிடுமா என்பதுதான் வீட்டில் சமைப்பவருக்கு முதற் கவலை. கேள்வி அதைத் தொடவே இல்லை. அருகிலுள்ள கடையில் கிடைக்கும் என்பதும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிட்டது. உற்பத்தியாளர் எல்லாக் கடைக்கும் குளிர்பெட்டியோடு போய்ச் சேர எவ்வளவு காலம் பிடிக்கும்?

விடைப் பட்டியலையும் எண்ணிப் பாருங்கள். வாங்கும் பக்கம் மூன்று படிகள், வாங்காத பக்கம் ஒன்று. யோசிக்காமல் நடுவில் எதையாவது தொட்டாலும் விடை “ஆம்” பக்கமே விழும். சமநிலையான அளவுகோலில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை இருக்கும்: நிச்சயமாக வாங்குவேன், அநேகமாக வாங்குவேன், வாங்கவும்கூடும் வாங்காமலும் விடக்கூடும், அநேகமாக வாங்கமாட்டேன், நிச்சயமாக வாங்கமாட்டேன்.

இனி முன்னால் இருக்கும் கேள்வி. இதற்குச் சற்று முன் கேட்கப்பட்டது: “வெளியில் அரைத்து விற்கும் மாவில் சுத்தம் பேணப்படுகிறதா என்று நீங்கள் கவலைப்பட்டதுண்டா?” கவலையை முதலில் கிளறிவிட்டு அதற்கு மருந்தை அடுத்த வரியில் நீட்டியிருக்கிறார்கள். வரிசையின் தாக்கம் அறிக்கையின் எந்த அட்டவணையிலும் தெரியாது. வினாக்கொத்தை வரிசையாக வாசிப்பவருக்கு மட்டுமே தெரியும்.

கொழும்பில் கட்டாயம் பார்க்க வேண்டியது மொழி. வினாக்கொத்து சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் அச்சாகி, தமிழில் பேசுபவர் வந்தபோது நேர்காண்பவர் அந்த இடத்திலேயே வாய்மொழியாகத் தமிழாக்கியிருந்தால், ஒவ்வொரு நேர்காண்பவரும் ஒவ்வொரு கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். ‘அநேகமாக’ என்பதை ஒருவர் ‘ஓரளவுக்கு’ என்பார், இன்னொருவர் ‘பார்ப்போம்’ என்பார். மூன்று மொழி வினாக்கொத்துகளும் முன்கூட்டியே எழுதப்பட்டனவா, தமிழ் வடிவத்தை வேறொருவர் மூலமொழிக்குத் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்தார்களா, எத்தனை நேர்காணல் எந்த மொழியில் நடந்தது என்ற மூன்றையும் கேளுங்கள். தோசை மா பற்றிய ஆய்வில் தமிழ் வினாக்கொத்து இல்லை என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே களவேலையைத் திரும்பச் செய்யச் சொல்லலாம்.

மூன்றாம்படி: யாரைக் கேட்டார்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். அட்டவணையில் உள்ள பிழையைத் திருத்திக் கணக்கிடலாம். கேட்காத ஆளின் விடையை எந்தக் கணக்கும் கொண்டுவராது.

முதலில் “கொழும்பு” என்பது எது? மாநகரசபை எல்லை என்றால் கொழும்பு, திம்பிரிகஸ்யாய ஆகிய இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகள். 2012 குடிசன மதிப்பீட்டில் சுமார் 5.6 இலட்சம் பேர். மாவட்டம் என்றால் 13 பிரதேச செயலகப் பிரிவுகள், சுமார் 23 இலட்சம் பேர். நம் அறிக்கை மாநகரத்துக்கு வெளியே இருக்கும் தெஹிவளையைச் சேர்த்திருக்கிறது. மாநகரத்துக்குள் இருக்கும் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ் எதையும் சேர்க்கவில்லை. நான்கு இடங்களும் காலி வீதியை ஒட்டிய தென்பக்கம். வடகொழும்பின் தமிழ்க் குடும்பங்கள் ஆய்வில் இல்லவே இல்லை.

அடுத்து சுப்பர்மார்க்கெட் வாசல். அங்கே நிற்பவர் ஏற்கெனவே பக்கற் உணவுக்குப் பழகியவர். தெருமுனைக் கடையிலும் புறக்கோட்டையிலும் சாமான் வாங்குபவர் அந்த வாசலுக்கு வருவதில்லை. வருபவர்களிலும் வாராவாரம் வருபவர் அந்த ஒரே சனி, ஞாயிறில் அகப்படும் வாய்ப்பு அதிகம். மாதம் ஒருமுறை வருபவருக்கு அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. இதைத் திருத்த ஒரு வழி உண்டு. “கடந்த நான்கு வாரத்தில் எத்தனை தடவை இங்கே வந்தீர்கள்?” என்று கேட்டு, அடிக்கடி வருபவரின் விடைக்கு அந்த அளவுக்குக் குறைந்த நிறையைக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு கேள்வி வினாக்கொத்தில் இல்லை என்றால் திருத்தம் செய்யப்படவில்லை என்று அர்த்தம்.

எத்தனை பேரை மறித்து 400 பேர் சம்மதித்தார்கள்? கள ஏட்டில் மறிக்கப்பட்டோர், மறுத்தோர், பாதியில் விட்டுப்போனோர், முடித்தோர் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். இந்தப் பொருளைப் பொறுத்தவரை மறுத்தவர்கள் முக்கியமானவர்கள். கையில் பிள்ளையும் பையுமாக அவசரத்தில் போகிறவருக்குத்தான் அரைத்த மா அதிகம் தேவைப்படும். நின்று 42 கேள்விக்கு விடை சொல்ல அவருக்குத்தான் நேரம் இராது. ஆகவே ஒவ்வொரு குறையையும் குறித்துக்கொள்ளும்போது அது எண்ணை எந்தப் பக்கம் தள்ளும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். சுப்பர்மார்க்கெட் வாசல் 68ஐ மேலே தள்ளும். அவசரக்காரர்கள் விடுபட்டது கீழே தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

நேரக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதையும் மறக்க வேண்டாம். நான்கு இடம், இடத்துக்கு இரண்டு பேர், இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம்: மொத்தம் 48 மணி, அதாவது 2,880 நிமிடம். 400 ஆல் வகுத்தால் ஒரு நேர்காணலுக்கு 7.2 நிமிடம். அதுவும் ஆளைத் தேடுவது, மறுப்பு, தண்ணீர் குடிப்பது எதற்கும் ஒரு நொடிகூட ஒதுக்காமல். 42 கேள்விக்கு 7.2 நிமிடம் என்றால் கேள்வி ஒன்றுக்குச் சுமார் 10 நொடி, கேட்பதும் விடையும் பதிவும் சேர்த்து. இது நடக்காது. கேள்விகள் தாண்டப்பட்டிருக்க வேண்டும், அல்லது நேரம் தவறாக எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது சில படிவங்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து நிரப்பப்பட்டிருக்க வேண்டும். டாப்லெட்டில் பதிவு செய்திருந்தால் ஒவ்வொரு நேர்காணலும் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் கோப்பில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அறிக்கையின் பெருமை மிகுந்த வரி: “மாதிரி அளவு 400, வழு எல்லை கூட்டல் கழித்தல் 4.9 சதவீதம்.” மாதிரியில் கண்ட எண் உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதைச் சொல்வதே வழு எல்லை. அது வந்த வழி:

```
1.96 × √(0.5 × 0.5 ÷ 400) = 0.049
```

இந்தச் சூத்திரம் எழுமாறாகத் தெரிவுசெய்த மாதிரிக்கு உரியது; சனத்தொகையில் ஒவ்வொருவருக்கும் தெரிவாகும் வாய்ப்பு தெரிந்திருக்க வேண்டும். வாசலில் மறித்துப் பிடித்த 400 பேருக்கு அப்படி ஒரு வாய்ப்பைச் சொல்ல முடியாது. அங்கே 4.9 என்று எழுதுவது அளவுகோலே வைக்காமல் அளவை எழுதுவதற்குச் சமம். 4,000 பேரை அதே வாசலில் கேட்டிருந்தாலும் சூத்திரத்தின் எண் 1.5க்குச் சுருங்குமே தவிர, கொட்டாஞ்சேனை ஆய்வுக்குள் வந்துவிடாது. 1936இல் அமெரிக்க இதழ் ஒன்று இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சல் விடைகளை வைத்துக்கொண்டு ஜனாதிபதித் தேர்தலைத் தலைகீழாகக் கணித்தது. தவறு ஆள் தெரிவிலும் பதில் அனுப்பியோர் யார் என்பதிலும் இருந்தது.

சரியாகச் செய்திருந்தால் அறிக்கையில் என்ன எழுதியிருக்கும்? கிராம உத்தியோகத்தர் பிரிவுகளின் பட்டியலிலிருந்து, வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற வாய்ப்போடு 40 பிரிவுகளை எழுமாறாக எடுத்தோம். ஒவ்வொன்றிலும் குறித்த தொடக்க இடத்திலிருந்து குறித்த இடைவெளியில் 10 வீடுகள். கதவு திறக்காத வீட்டுக்கு மாலையிலும் வார இறுதியிலும் மூன்று தடவை வரை திரும்பப் போனோம். வீட்டில் சமையற் சாமான் வாங்குவதை முடிவு செய்பவரிடம் கேட்டோம். இந்த வகை விவரம் இருந்தால் அறிக்கை மதிப்புள்ளது. அங்கும் இரண்டு இடங்களைக் கிண்டிப் பாருங்கள். வாக்காளர் இடாப்பை வைத்து வீடுகளை எடுத்திருந்தால், ஊரில் பதிவை வைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் வாடகைக்கும் போர்டிங்கிலும் இருப்பவர்கள் விடுபட்டிருப்பார்கள். தொடர்மாடிகளில் காவலாளி உள்ளே விடாததால் பக்கத்துத் தனிவீடுகளை மாற்றாக எடுத்தார்களா என்பது மற்றது.

அப்படிக் கொத்தாக எடுத்த மாதிரிக்கும் 4.9 பொருந்தாது. ஒரே பிரிவில் உள்ள 10 வீடுகளும் ஒரே கடைக்குப் போகின்றன, வருமானமும் ஏறத்தாழ ஒன்றே. அதனால் பத்தாவது வீடு முழுமையான புதுத் தகவலைத் தருவதில்லை. அயல்வீடுகளின் விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை, முழு ஒற்றுமை 1 என்ற அளவில், 0.05 என்று வைத்தால்:

```
1 + (10 − 1) × 0.05 = 1.45
400 ÷ 1.45 ≈ 276
```

400 பேர் 276 பேர் அளவுக்கே பேசுகிறார்கள். வழு எல்லை சுமார் 5.9. ஒரு நிறுவனம் இதைத் தானாகவே எழுதியிருந்தால், வேலை தெரிந்தவர்கள் செய்திருக்கிறார்கள் என்று நம்பலாம்.

நான்காம்படி: முடிவுக்கு ஏறும் படிகள்

அறிக்கை 68 சதவீதத்தைக் கொழும்பு வீடுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, வீடொன்றுக்கு மாதம் 5 பக்கற் என்று மறுபடி பெருக்கி, இயந்திரத்தின் அளவை முடிவு செய்திருக்கிறது. ஒவ்வொரு பெருக்கல் குறியிலும் நின்று பாருங்கள். 68 தோசை சுடும் ஆட்களைப் பற்றியது. அதை வீடுகளின் மொத்த எண்ணிக்கையோடு பெருக்குகிறார்கள். விருப்பத்தை வாங்கலாக எடுத்துக்கொள்கிறார்கள். வாங்குவேன் என்ற அனைவரும் வாங்குவதில்லை, ஒருமுறை வாங்கியவர் எல்லோரும் திரும்ப வருவதில்லை. 5 பக்கற் என்பது இடை, அதாவது கூட்டி வகுத்த சராசரி. பத்துப் பேரில் எட்டுப் பேர் 2 என்றும், ஒருவர் 4 என்றும், சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருவர் 30 என்றும் சொன்னால் இடை 5 வரும்; இடையம், அதாவது விடைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, 2தான். ஒரு கடைக்காரரின் விடை அத்தனை குடும்பங்களுக்கும் பங்கு போடப்பட்டுவிட்டது.

இன்னொரு பரிந்துரை: “முகநூல் விளம்பரத்தைப் பார்த்தவர்களிடையே விருப்பம் கூட, ஆகவே விளம்பரச் செலவை இரட்டிப்பாக்குங்கள்.” சமையலில் ஆர்வம் உள்ளவருக்கே அந்த விளம்பரம் அதிகம் காட்டப்படுகிறது, அவருக்கே அது நினைவிலும் நிற்கிறது. விருப்பம் முன்பே இருந்து விளம்பரத்தைக் கண்ணில் படச் செய்ததா, விளம்பரம் விருப்பத்தை உண்டாக்கியதா என்பதை ஒரே தடவை எடுத்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தத் தரவு தாங்கக்கூடிய வாக்கியத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்: “குறித்த வார இறுதிக் காலையில் நான்கு சுப்பர்மார்க்கெட்டுகளுக்கு வந்து, நேர்காணலுக்குச் சம்மதித்து, மாதம் ஒரு தடவையாவது தோசை சுடுவோரில், விலை சொல்லப்படாத நிலையில், 14 சதவீதம் நிச்சயமாக வாங்குவோம் என்றார்கள்.” இந்த வாக்கியத்தையும் இயந்திரப் பரிந்துரையையும் அருகருகே வைத்தால், நடுவில் இட்டுக்கட்டிய படிகள் கண்ணுக்குத் தெரியும். இந்த வாக்கியம் 5,000 பக்கற் இயந்திரத்தைத் தாங்காது. இரண்டு கடையில் உண்மையான விலையில் நான்கு வாரம் விற்றுப் பார்த்து, இரண்டாம் தடவை வாங்கியவர்களை எண்ணும் ஒரு சிறு முயற்சியைத் தாங்கும். அதற்கு வாடகைக் குளிர்பெட்டியும் கையால் நிரப்பும் சில நூறு பக்கற்றும் போதும்.

நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியவை ஐந்து: மூன்று மொழி வினாக்கொத்து, மறுப்புகளோடு கூடிய கள ஏடு, நேர்காணல்களின் தொடக்க, முடிவு நேரங்கள், நிறை கொடுத்த முறை, பெயரும் தொலைபேசி எண்ணும் நீக்கிய மூலத்தரவுக் கோப்பு. வேலையைக் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் இவற்றைச் சேர்த்து, கடைசித் தவணைப் பணத்தை இவை கைக்கு வந்த பிறகு என்று எழுதிக்கொள்ளுங்கள். முழுப் பணமும் கொடுத்த பிறகு கேட்டால், “மூலத்தரவு எங்கள் உள்விவகாரம்” என்ற பதில் வரக்கூடும். அப்படி வந்தால் அட்டவணைகளில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு, பரிந்துரைப் பக்கங்களை ஒதுக்கி வையுங்கள்.